தண்ணீர்க் கணக்கெடுப்பின் பதில்களை விரிதாளில் சீர்செய்து குறியிடும் முறை

ஓர் ஊரில் வீடு வீடாகச் சென்று, "குடிநீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? அங்கே போய், வரிசையில் நின்று, நீர் பிடித்துத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று இரண்டே கேள்விகள் கேட்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பதில்கள் தாளிலிருந்து விரிதாளில் தட்டச்சு செய்யப்பட்டுவிட்டன. சராசரி நேரத்தைக் கணக்கிட வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றும் இந்தக் கட்டத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். அந்தச் சராசரிக்கு முன் செய்ய வேண்டியவற்றை, எடுத்துக்காட்டுக்காக உருவாக்கிய பத்து வீடுகளின் பதில்களைக் கொண்டு இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இந்த முறை செல்லும்.

| வீட்டு எண் | நீர் ஆதாரம் | நேரம் |
|---|---|---|
| 1 | வீட்டுக் குழாய் | |
| 2 | தெருக்குழாய் | 15 |
| 3 | தெருக் குழாய் | 20 நிமிடம் |
| 4 | கிணத்து தண்ணி | அரை மணி |
| 5 | லாரி | தெரியாது |
| 6 | வீட்டுக்குழாய் | 0 |
| 7 | தெருக்குழாய் | 05-அக் |
| 8 | போர் | 1 மணி நேரம் |
| 9 | தெருக்குழாய் | |
| 10 | கிணறு | 300 |

இந்த நேர நெடுவரிசைக்கு அப்படியே `AVERAGE` போட்டால், விரிதாள் எழுத்தாக உள்ள பதில்களை ஒதுக்கிவிட்டு 15, 0, 300 ஆகிய எண்களையும், ஏழாவது வீட்டுக்கு எதிரே தேதியாகத் தெரியும் பதிலையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். விரிதாளுக்குள் ஒவ்வொரு தேதியும் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்ட நாள் எண்ணாகவே இருக்கிறது. 2025 அக்டோபர் 5 என்பது 45935. எனவே கிடைக்கும் சராசரி 11562.5 நிமிடம், அதாவது எட்டு நாளுக்கும் மேல். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதனால் தீங்கு குறைவு. பார்வைக்கு நம்பும்படியாக வந்து நிற்கும் தவறான விடைகளே ஆபத்தானவை. அவை வெற்றுக் கட்டங்களிலிருந்து பிறக்கின்றன. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் மூலத்தைப் பூட்டுங்கள்

ஒரே கோப்பில் நான்கு தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். `raw` தாளில் வந்த பதில்கள் வந்தபடியே இருக்கும், அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. அதைத் திருத்த முடியாதபடி பாதுகாத்துவிடுவது நல்லது. `clean` தாளில் சீர்செய்த பதில்கள் இருக்கும். `codes` தாளில் எந்தப் பதிலுக்கு எந்தக் குறியெண் என்ற பட்டியல் இருக்கும். `log` தாளில் கையால் செய்த ஒவ்வொரு மாற்றமும் வீட்டு எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், செய்தவர் என ஒரு வரியாகப் பதிவாகும். பலர் இந்த நான்காவது தாளைத் தவிர்த்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, "பத்தாவது வீட்டில் 300 எப்படி 30 ஆனது?" என்று ஒருவர் கேட்கும்போது பதில் சொல்லக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மாறாத எண் ஒன்று இருக்க வேண்டும். காகிதப் படிவத்திலும் அதே எண் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஐயம் வரும்போது படிவத்தைத் தேடி எடுக்க முடியாது. அந்த எண் இருமுறை வந்திருக்கிறதா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்:

```
=COUNTIF(raw!$A$2:$A$11,A2)
```

விடை 1-க்கு மேல் இருந்தால் இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே படிவத்தை இருமுறை தட்டச்சு செய்திருக்கலாம், அல்லது இரு வேறு வீடுகளுக்கு ஒரே எண்ணைத் தந்திருக்கலாம். முதலாவதில் ஒன்றை நீக்கலாம், இரண்டாவதில் எண்ணைத்தான் திருத்த வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. `clean` தாளின் கட்டங்கள் `raw` தாளைச் சுட்டும் சூத்திரங்களாக இருக்கும்வரை எந்தத் தாளையும் வரிசைப்படுத்தாதீர்கள். ஒரு வீட்டின் நேரம் இன்னொரு வீட்டின் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

குறியிடுவதற்கு முன் எழுத்துகளைச் சீராக்க வேண்டும். பதிலின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை `TRIM` நீக்கும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்தோ வாட்ஸாப்பிலிருந்தோ ஒட்டிய பதில்களில் வேறு வகை இடைவெளிகளும் அகலமற்ற குறிகளும் இருக்கக்கூடும். அவற்றை `TRIM` தொடாது. முதலில் அவற்றை அகற்றிவிட்டுப் பிறகு `TRIM` போட வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(raw!B2,
 UNICHAR(160)," "),UNICHAR(8203),""),UNICHAR(8204),""))
```

தமிழில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. "போர்" என்ற சொல்லில் உள்ள "போ" யூனிகோடில் இரண்டு வகையாகப் பதிவாகலாம். சில விசைப்பலகைகள் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாக அனுப்புகின்றன. பழைய கோப்புகளிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில் அது ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டுகளாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் `LEN` போட்டால் ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5 என வரும். தேடும்போதும் எண்ணும்போதும் இவை இரு வேறு சொற்களாகக் கொள்ளப்படலாம். ஒரே பதில் பட்டியலில் இருமுறை வந்து நின்று, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. துண்டுகளை ஒன்றாக்கும் சூத்திரம் இது (மேலே கண்ட முடிவு `H2`-இல் இருப்பதாகக் கொண்டு):

```
=SUBSTITUTE(SUBSTITUTE(H2,
 UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),
 UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

முதல் இணை "தொட்டி" போன்ற சொற்களின் ஒகரத்தையும், இரண்டாவது இணை "போர்" போன்றவற்றின் ஓகாரத்தையும் சரிசெய்யும்.

ஆதாரங்களுக்குக் குறியெண் இடுதல்

சீரான உரையைக் குறியெண்களாக்கும்போது, "கிணறு" என்ற சொல் பதிலில் இருந்தால் கிணறு என்று கொள், என்பது போன்ற தேடல் சூத்திரத்தை எழுதத் தோன்றும். தமிழில் அது இரு பக்கமும் சறுக்கும். "ஆழ்துளைக் கிணறு" என்ற பதிலையும் அது திறந்த கிணறாக எண்ணிவிடும். "கிணற்று நீர்", "கிணத்து தண்ணி" ஆகியவற்றிலோ அந்தச் சொல் உருமாறியிருப்பதால் அவற்றை விட்டுவிடும். ஆகவே தேடலை நம்பாமல், வந்த பதில்கள் அனைத்தையும் ஒருமுறை கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியெண் எழுதுவதே பாதுகாப்பானது.

அதற்கு `UNIQUE` சூத்திரத்தால் வேறுபட்ட பதில்களின் பட்டியலை எடுத்து, மதிப்புகளாக `codes` தாளின் முதல் நெடுவரிசையில் ஒட்டுங்கள். ஆயிரம் வீடுகள் இருந்தாலும் இது போன்ற கேள்விக்கு வேறுபட்ட பதில்கள் பெரும்பாலும் சில பத்துகளுக்குள் அடங்கும். பக்கத்து நெடுவரிசையில் குறியெண் இடுங்கள்: வீட்டுக் குழாய் 1, தெருக்குழாய் 2, ஆழ்துளைக் கிணறு 3, திறந்த கிணறு 4, லாரி 5, மற்றவை 6. "தெருக்குழாய்", "தெருக் குழாய்" இரண்டுக்கும் 2. "போர்" என்பதற்கு 3. "கிணத்து தண்ணி" என்பதற்கு 4. சீரான உரை `clean` தாளின் `B` நெடுவரிசையில் இருந்தால், குறியெண்ணை இப்படிப் பெறலாம்:

```
=IF(B2="",99,IFERROR(
 VLOOKUP(B2,codes!$A$2:$B$60,2,FALSE),"?"))
```

கடைசியில் உள்ள `FALSE` முக்கியம். அதை விட்டுவிட்டால் விரிதாள் தோராயமான பொருத்தத்தைத் தேடி, தவறான குறியெண்ணை எந்த அறிகுறியும் இல்லாமல் தந்துவிடும். ஆதாரம் எழுதப்படாத கட்டத்துக்கு 99 வரும். பட்டியலில் இல்லாத புதிய பதில் வந்தால் "?" தோன்றும். அதைக் கண்டால் `codes` தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பொருள், "மற்றவை"யில் தள்ளிவிட வேண்டும் என்று பொருளல்ல. "குழாய்" என்று மட்டும் ஒருவர் சொல்லியிருந்தால், அது வீட்டுக் குழாயா தெருக்குழாயா என்று ஊகிக்காதீர்கள். படிவத்தைப் பாருங்கள், களப்பணியாளரைக் கேளுங்கள். அப்போதும் தெளிவாகவில்லை என்றால் "வகை தெரியாத குழாய்" என்று தனிக் குறியெண் கொடுங்கள்.

ஒரே வீட்டார் இரண்டு ஆதாரங்களைச் சொல்ல இடம் தரும் கேள்வி என்றால், பதில்களை ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு வைக்காமல், ஒவ்வோர் ஆதாரத்துக்கும் ஒரு நெடுவரிசை அமைத்து, சொன்னால் 1, சொல்லவில்லை என்றால் 0 என்று இடுங்கள். அந்தக் கேள்விக்கே பதிலில்லாத வீட்டில் எல்லா நெடுவரிசைகளும் வெற்றாகவே இருக்க வேண்டும். அங்கே 0 இட்டால், எந்த ஆதாரமும் இல்லாத வீடு என்று ஆகிவிடும்.

வெற்றுக் கட்டம் ஒன்றல்ல, பல

இப்போது நேர நெடுவரிசைக்கு வருவோம். முதல் வீட்டிலும் ஒன்பதாவது வீட்டிலும் கட்டம் வெற்றாக இருக்கிறது. விரிதாளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் வீட்டில் குழாய் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அந்தக் கேள்வி பொருந்தாது, களப்பணியாளர் அதைக் கேட்காமல் விட்டது சரியே. ஒன்பதாவது வீட்டார் தெருக்குழாய்க்குப் போகிறவர்கள், அங்கே நேரம் கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்க மறந்தாரா, எழுத மறந்தாரா என்று தெரியாது. ஐந்தாவது வீட்டில் கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் வந்தது. "தெரியாது" என்பதே அந்தப் பதில். வருமானம் போன்ற கேள்விகளில் "சொல்ல விரும்பவில்லை" என்ற நான்காவது வகையும் வரும்.

பெரிய கணக்கெடுப்புகளில் இவற்றை எட்ட முடியாத பெரிய எண்களாகக் குறிப்பது வழக்கம். பல நாடுகளில் நடந்த டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை, சுகாதாரக் குடும்ப ஆய்வுகளின் தரவுக் கோப்புகளில், நீர் எடுக்கும் நேரத்துக்கு 996 என்றால் வீட்டு வளாகத்திலேயே, 998 என்றால் தெரியாது. ஆய்வு மென்பொருளில் இந்த எண்களை "விடுபட்டவை" என்று அறிவித்துவிட முடிவதால் அங்கே இது பொருந்தும். விரிதாளில் அப்படி அறிவிக்க வழியில்லை, `AVERAGE` அவற்றையும் நிமிடங்களாகவே கூட்டிவிடும். அதனால் விரிதாளில் வேலை செய்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு நெடுவரிசை முறை. `D` நெடுவரிசையில் பதிலின் நிலை, `E` நெடுவரிசையில் நிமிடம். நிலைக்கு ஐந்து குறியெண்கள் போதும்: நிமிடம் கிடைத்தது 1, வீட்டிலேயே நீர் 2, சொல்ல விரும்பவில்லை 7, தெரியாது 8, காரணம் தெரியாமல் விடுபட்டது 9. நிலை 1 ஆக இருந்தால் மட்டுமே நிமிடக் கட்டத்தில் எண் இருக்கும், மற்றவற்றில் அது உண்மையிலேயே வெற்றாக இருக்கும்.

ஆறாவது வீட்டில் உள்ள 0 இந்த முறையில் எங்கே போகும்? அங்கே வீட்டுக் குழாய் இருப்பதால் அது நிலை 2. ஆனால் இதே 0 தெருக்குழாய் வீட்டில் இருந்திருந்தால் அப்படிக் கொள்ள முடியாது. குழாய் வாசலிலேயே இருப்பதைக் குறித்ததா, பதிலில்லை என்பதற்கு ஒருவர் 0 தட்டினாரா என்று படிவத்தில்தான் பார்க்க வேண்டும்.

விசித்திரமான பதில்கள், ஒவ்வொன்றாக

"20 நிமிடம்", "அரை மணி", "1 மணி நேரம்" ஆகியவற்றுக்கும் ஆதாரங்களுக்குச் செய்தது போலவே ஒரு மாற்றுப் பட்டியல் போதும்: 20, 30, 60. முக்கால் மணி 45 என்றும் ஒன்றரை மணி 90 என்றும் அதே பட்டியலில் சேரும்.

ஏழாவது வீட்டின் "05-அக்" உண்மையில் "5-10", அதாவது ஐந்திலிருந்து பத்து நிமிடம். விரிதாள் அதைத் தேதியாக மாற்றிவிட்டது. கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து அது மே 10 ஆகவும் மாறியிருக்கலாம். ஆகவே தேதியைப் பார்த்துப் பழைய பதிலை ஊகிக்காமல் படிவத்திலிருந்தே எடுங்கள். தட்டச்சைத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை வெற்று உரை வடிவத்துக்கு மாற்றிவைத்தால் இது நேராது. நேர்ந்த பிறகு வடிவத்தை மாற்றினால் 45935 என்ற எண்தான் கிடைக்கும், "5-10" திரும்பி வராது. வீச்சாகச் சொல்லப்பட்ட பதிலுக்கு நடுமதிப்பை எடுப்பது ஒரு வழி, இங்கே 7.5. மேல் எல்லையை எடுப்பதும் தவறில்லை. எதுவானாலும் எல்லா வீச்சுகளுக்கும் அதே விதியைக் கடைப்பிடித்து, `codes` தாளில் எழுதி வைக்க வேண்டும்.

பத்தாவது வீட்டின் 300 நம்ப முடியாத எண், ஆனால் நடக்கவே முடியாத எண் அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். –15 என்று வந்திருந்தால் அது தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். 300 நிமிடம் என்பது கோடையில் மிகத் தொலைவுக்குச் செல்லும் ஒரு வீட்டின் உண்மையாகவும் இருக்கலாம். பெரியதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிலை நீக்கினால், மிகவும் சிரமப்படும் வீடுகளையே கணக்கிலிருந்து நீக்குகிறோம். எனவே முதலில் எல்லையைத் தாண்டிய பதில்களுக்கு அடையாளம் மட்டும் இடுங்கள்:

```
=IF(AND(D2=1,OR(E2<1,E2>180)),"பார்","")
```

பிறகு படிவத்தைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் படிவத்தில் 30 என்று இருப்பதாகக் கொள்வோம். தட்டச்சில் ஒரு சுழியம் கூடிவிட்டது. 30 என்று திருத்தி `log` தாளில் பதியுங்கள். படிவத்திலும் 300 என்றே இருந்து, கேட்டறிய வழியும் இல்லையென்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு, அறிக்கையில் சராசரியோடு இடைநிலை அளவையும் தாருங்கள். ஒரு பெரிய எண் இடைநிலை அளவை அதிகம் அசைக்காது.

இப்போது கணக்கு என்ன சொல்கிறது

சீர்செய்த பின் நிமிடம் கிடைத்த வீடுகள் ஆறு: 15, 20, 30, 7.5, 60, 30. கூட்டுத்தொகை 162.5, சராசரி ஏறத்தாழ 27.1, இடைநிலை அளவு 25. வெற்றுக் கட்டங்களையும் "தெரியாது" என்பதையும் 0 என்று நிரப்பியிருந்தால் அதே தொகையைப் பத்தால் வகுத்து 16.25 என்று வந்திருக்கும். எட்டு நாள் சராசரியைப் போல் இது யாருடைய கண்ணையும் உறுத்தாது, அதனால்தான் இது மோசமான பிழை. 996 போன்ற குறியெண்களை அதே நெடுவரிசையில் விட்டிருந்தால் சராசரி 415 நிமிடத்தைத் தாண்டியிருக்கும்.

ஆனால் 27.1 மட்டுமே சரியான விடை என்றும் இல்லை. அது "வெளியே சென்று நீர் எடுக்கும் வீடுகளின்" சராசரி. "எல்லா வீடுகளும்" என்பது கேள்வி என்றால், வீட்டுக் குழாய் உள்ள இரண்டு வீடுகளுக்கு 0 நிமிடம் என்பது உண்மையான மதிப்பு. அப்போது 162.5-ஐ எட்டால் வகுத்து, ஏறத்தாழ 20.3 என்று சொல்ல வேண்டும். நேரம் தெரியாத இரு வீடுகள் எந்தக் கணக்கிலும் சேரா. நிலை 2, 8, 9 ஆகியவற்றைத் தனித்தனியே வைத்திருப்பதால்தான் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே தாளிலிருந்து பதில் சொல்ல முடிகிறது. எந்தச் சராசரியைத் தந்தாலும் அது எத்தனை வீடுகளின் கணக்கு என்பதை அதன் அருகிலேயே எழுதுங்கள்.

நிமிடங்களை வகைப்படுத்தும்போதும் ஒரு நுட்பம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து நடத்தும் குடிநீர்க் கண்காணிப்பில், மேம்பட்ட ஆதாரத்திலிருந்து வரிசையில் நிற்பது உட்படப் போய்வர 30 நிமிடத்துக்கு மிகாதிருந்தால் அது அடிப்படைச் சேவை, மிகுந்தால் வரம்புக்குட்பட்ட சேவை. மக்களோ கடிகாரம் பார்த்து நேரம் சொல்வதில்லை. "அரை மணி" என்று முழுமையாக்கிச் சொல்வதால் 30 என்ற ஒரே எண்ணில் பல பதில்கள் குவியும். நம் ஆறு வீடுகளில் "30 அல்லது குறைவு" என்றால் ஐந்து வீடுகள் தேறும், "30-க்குக் குறைவு" என்று சூத்திரத்தில் ஒரு சமக்குறியை விட்டால் மூன்றுதான் தேறும். குவிந்த 30-களை 28 என்றும் 33 என்றும் பரப்பித் திருத்தக் கூடாது. எல்லை எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைச் சரியாக எழுதி, 30 என்றே சொன்ன வீடுகள் எத்தனை என்பதையும் அறிக்கையில் குறிப்பிடுவதே முறை.

விடுபட்டவை எங்கே குவிந்திருக்கின்றன

விடுபட்ட கட்டங்களில் மற்றவர்களின் சராசரியை நிரப்பிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். நிரப்புவதற்கு முன், யார் பதில் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆதாரக் குறியெண் `C` நெடுவரிசையில் இருந்தால், லாரித் தண்ணீர் எடுப்போரில் எத்தனை பேர் "தெரியாது" என்றார்கள் என்பதை இப்படி அறியலாம்:

```
=COUNTIFS(clean!C2:C11,5,clean!D2:D11,8)
```

லாரி எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாதவர்களால் நேரத்தையும் சொல்ல முடியாது. அவர்கள் காத்திருக்கும் நேரம் மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். அவர்களைக் கணக்கிலிருந்து விடும்போது ஊரின் சராசரி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சராசரியை நிரப்பினாலும் அதே குறைவு நீடிக்கும், போதாததற்கு எல்லாரும் பதில் சொன்னது போன்ற தோற்றமும் வந்துவிடும். அதனால் லாரி வீடுகளைத் தனி வரியாகக் காட்டி, அவற்றில் எத்தனையில் நேரம் தெரியவில்லை என்று சொல்லுங்கள். இதே போல நிலை 9 வீடுகளைக் களப்பணியாளர் வாரியாகவும் எண்ணிப் பாருங்கள். ஒருவரின் படிவங்களிலேயே அவை குவிந்திருந்தால், அவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருக்கலாம். கணக்கெடுப்பு முடிவதற்குள் தெரிந்தால் மீண்டும் அந்த வீடுகளுக்குப் போகலாம்.

முடிக்கும் முன் சரிபார்ப்பு

நிலைக்கும் நிமிடத்துக்கும் முரண் இருக்கக் கூடாது. கீழுள்ள இரண்டு எண்ணிக்கைகளும் 0 ஆக வர வேண்டும். முதலாவது, நிலை 1 இருந்தும் நிமிடம் இல்லாதவை. இரண்டாவது, வீட்டுக் குழாய் என்று சொல்லியும் நிலை 2 இல்லாதவை:

```
=COUNTIFS(clean!D2:D11,1,clean!E2:E11,"")
=COUNTIFS(clean!C2:C11,1,clean!D2:D11,"<>2")
```

ஒவ்வொரு நிலைக் குறியெண்ணும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிக் கூட்டுங்கள். நம் எடுத்துக்காட்டில் நிலை 1 ஆறு, நிலை 2 இரண்டு, நிலை 8 ஒன்று, நிலை 9 ஒன்று, மொத்தம் பத்து. வரிசைகளின் எண்ணிக்கையோடு இது ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு கட்டம் குறியிடப்படாமல் இருக்கிறது. பிறகு இருபதுக்கு ஒன்று என்ற அளவில் குலுக்கல் முறையில் படிவங்களை எடுத்து, `clean` தாளோடு வேறொருவரை ஒப்பிடச் சொல்லுங்கள். குறியிட்டவரே ஒப்பிட்டால் தம் ஊகங்களையே மீண்டும் காண்பார்.

எல்லாம் சரியானதும் `clean` தாளை மதிப்புகளாக மட்டும் புதிய கோப்பில் ஒட்டி, பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள நெடுவரிசைகளை நீக்கிவிடுங்கள். வேறு மென்பொருளுக்கு அனுப்புவதாக இருந்தால் எக்செலில் `CSV UTF-8` என்ற வகையைத் தேர்ந்து சேமியுங்கள். வெறும் `CSV` என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும், அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க முடியாது. சேமித்த கோப்பை மூடி, மீண்டும் திறந்து, ஆதாரங்களின் பெயர்கள் தமிழிலேயே இருக்கின்றனவா, வரிசைகள் எண்ணிக்கையில் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஆய்வைத் தொடங்கலாம்.